வளநகரமும் நகரவளமும்

வளநகரம் என்ற சொல்லையும் நகரவளம் என்ற சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்து, இவ்விரண்டுக்கும் பொதுவாயிருப்பது எவ்வளவு என்று கேட்டால், கேட்கப்பட்டவரின் மனப்போக்குக்கு ஏற்ப விடை மாறும். எழுத்துகளை மட்டும் எண்ணுகிறவர், இதிலுள்ள ஆறெழுத்தும் அதிலும் இருப்பதால் ஆறும் பொது என்பார். எழுத்து நிற்கும் ஸ்தானத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர், இரண்டு சொற்களிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்தாக நிற்பது இறுதியிலுள்ள ம் ஒன்றுதான் என்று கண்டு, பொதுவானது ஒன்றே என்பார். முதலாமவர் வரிசையை அறவே மறந்துவிட்டார். இரண்டாமவர் வரிசையை அளவுக்கு மீறி மதித்துவிட்டார். இவ்விருவருக்கும் இடையே, எழுத்துகள் எந்த முறையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பதைக் காத்து, எத்தனையாவது இடத்தில் வருகின்றன என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கிற மூன்றாவது விடை ஒன்று உண்டு. அந்த விடையைத் தவறின்றிக் கண்டுபிடிக்கும் உபாயமே இக்கட்டுரையின் விஷயம்.

ஒரு சரத்திலிருந்து விருப்பம்போல் சில எழுத்துகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை அவை இருந்த முறை கலையாமல் படித்தால் கிடைப்பது அதன் உட்தொடர். வளநகரம் என்பதிலிருந்து வளம் என்பதைப் பெறலாம், நகம் என்பதைப் பெறலாம், வரம் என்பதையும் பெறலாம். ஆனால் ரகம் என்பதைப் பெற முடியாது, ஏனெனில் அங்கே ர என்பது க என்பதற்குப் பின்னால் வருகிறது. உட்தொடருக்கு எழுத்துகள் ஒட்டியிருக்க வேண்டும் என்ற நியதி இல்லை, முன்பின் முறை மட்டும் மாறக்கூடாது. இரண்டு சரங்களுக்கும் பொதுவான உட்தொடர்களுள் எழுத்தெண்ணிக்கையால் மிகப் பெரியது எதுவோ அதுவே மிக நீண்ட பொது உட்தொடர்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் தோன்றும் வழி நேரான வழி. முதற்சொல்லை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போவது, எதிர்ப்படும் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டாம் சொல்லில் இதுவரை வந்த இடத்துக்கு அப்பால் தேடுவது, அகப்பட்டால் எடுத்துக்கொள்வது. வளநகரம் என்பதன் முதலெழுத்து வ. அது நகரவளம் என்பதில் நான்காம் இடத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறோம். அடுத்தது ள, ஐந்தாம் இடத்தில் அகப்படுகிறது. பின்வரும் ந, க, ர மூன்றும் அந்த ஐந்தாம் இடத்துக்கு முன்னாலேயே கழிந்துபோய்விட்டன. இறுதியில் ம் மட்டும் கிடைக்கிறது. ஆக நமக்குச் சேர்ந்தது வளம், மூன்றெழுத்து. ஆனால் நகரம் என்ற நான்கெழுத்தும் இரண்டிலும் இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். முதலில் கண்ட வ என்பதை ஆசையோடு பற்றிக்கொண்டதனால், அது நம்மை இரண்டாம் சொல்லின் பிற்பகுதிக்கு இழுத்துச் சென்றுவிட்டது. இரண்டாம் சொல்லிலிருந்து தொடங்கியிருந்தால் இதே நேர்வழி நகரம் என்பதைத் தந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை விடை தெரிந்த பிறகுதானே தீர்மானிக்க முடிகிறது!

எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிடுவது என்பது மற்றொரு வழி. ஆறெழுத்துச் சொல்லுக்கு, ஒவ்வோர் எழுத்தையும் வைப்பதா விடுவதா என்ற இரண்டு வழிகளாக, 64 உட்தொடர்கள். அவற்றை ஒரு மாலைப்பொழுதில் கையாலேயே சோதித்துவிடலாம். அறுபது எழுத்துகள் கொண்ட ஒரு வாக்கியத்துக்கோ அவை பதினோராயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்டுப் போகும். இந்த வழியை இத்துடன் விட்டுவிடுவோம்.

சரியான வழி, சொற்களின் தொடக்கத்தைப் பாராமல் முடிவைப் பார்ப்பதிலிருந்து பிறக்கிறது. நம்முடைய இரண்டு சொற்களும் ம் என்ற எழுத்தில் முடிகின்றன. அப்படி ஒரே எழுத்தில் முடியும்போது, அந்த இரண்டு இறுதியெழுத்துகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவதால் நஷ்டம் ஏதும் வராது என்பது முதற்கூற்று. இதற்குப் பிரமாணம் எளிது. மிக நீண்ட பொது உட்தொடர் ஒன்றை யாரோ நம் கையில் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது இந்த இரண்டு இறுதி எழுத்துகளில் ஒன்றையும் பயன்படுத்தவில்லை என்றால், அதன் கடைசியில் இந்த ம் என்பதைச் சேர்த்து இன்னும் ஓரெழுத்து நீளமாக்கிவிடலாம். அப்பொழுது அது மிக நீண்டது என்று சொன்னதே பொய்யாகிவிடும். ஒரு சொல்லின் இறுதி ம் என்பதை மட்டும் பயன்படுத்தி, மற்றச் சொல்லில் முன்னே எங்கோ உள்ள வேறொரு ம் என்பதோடு அதை இணைத்திருந்தால், அந்த இணைப்பை அவிழ்த்து இறுதியோடு இறுதியாக மாற்றிக் கட்டலாம். அதற்குப் பின்னால் வேறு எழுத்து எதுவும் இல்லையாதலால் எந்த முறையும் கலையாது, நீளமும் குறையாது. ஆகவே இறுதிகளை இணைத்து ஒன்று என்று எண்ணிக்கொண்டு, வளநகர, நகரவள என்ற எஞ்சிய பகுதிகளின் பிரச்னையைத் தனியே பார்த்தால் போதும்.

இப்பொழுது எஞ்சியவை ர என்றும் ள என்றும் வெவ்வேறாக முடிகின்றன. இங்கே இரண்டாம் கூற்று: இந்த இரண்டு இறுதிகளும் ஒருசேரப் பொது உட்தொடரில் இடம்பெற முடியாது. முதற்பகுதியின் இறுதி ர, இரண்டாம் பகுதியில் முன்னே உள்ள ஒரு ர என்பதோடும், இரண்டாம் பகுதியின் இறுதி ள, முதற்பகுதியில் முன்னே உள்ள ஒரு ள என்பதோடும் இணைந்தால், ஒரு பகுதியில் ள முன்னும் ர பின்னுமாகவும், மற்றதில் ர முன்னும் ள பின்னுமாகவும் வந்து, இணைப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். முறை காக்கும் உட்தொடரில் அது கூடாது. ஆகையால் இரண்டில் ஒன்று நிச்சயமாகப் பயனற்றது. எது என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ர என்பதை நீக்கினால் வருவது எவ்வளவு, ள என்பதை நீக்கினால் வருவது எவ்வளவு என்று இரண்டையும் கண்டு, பெரியதை எடுத்துக்கொண்டால் முடிந்தது.

முதற்சரத்தின் முதல் i எழுத்துகளுக்கும் இரண்டாம் சரத்தின் முதல் j எழுத்துகளுக்கும் உள்ள விடையின் நீளத்தை L(i, j) என்று குறித்தால், மேலே சொன்ன இரண்டு கூற்றுகளும் ஒரு மீள் சூத்திரமாகச் சுருங்கிவிடும்:

```
L(i, 0) = L(0, j) = 0
x[i] = y[j] எனில்   L(i, j) = L(i-1, j-1) + 1
x[i] ≠ y[j] எனில்   L(i, j) = max( L(i-1, j), L(i, j-1) )
```

வெறுமையான ஒரு சரத்துக்கும் வேறெதற்கும் பொதுவானது ஏதுமில்லை என்பதே முதல் வரியின் பொருள். மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வரியை அலட்சியம் செய்கிறவர்கள் எப்படி அகப்பட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பின்னர் காண்போம்.

சூத்திரம் சரியானது என்பதனாலேயே அது விரைவானதும் ஆகிவிடாது. பெரிய பிரச்னை இரண்டு சிறிய பிரச்னைகளாகப் பிரிந்து, அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டிரண்டாகப் பிரியும்படி, சூத்திரத்தை அப்படியே மேலிருந்து கீழாக நடத்தினால், ஒரே கேள்வி வெவ்வேறு வழிகளில் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும். ஓரெழுத்தும் பொருந்தாத இரண்டு ஆறெழுத்துச் சொற்களை எடுத்துக்கொண்டால், சூத்திரம் 1,847 முறை அழைக்கப்படும்; ஆனால் கேட்கத்தக்க வெவ்வேறு கேள்விகள், i என்பதற்கு 0 முதல் 6 வரையிலும் j என்பதற்கு 0 முதல் 6 வரையிலுமாக, 49 மட்டுமே. இருபது எழுத்துகள் கொண்ட இரண்டு சரங்களுக்கோ அழைப்புகள் 27,569 கோடிக்கு மேல், கேள்விகள் 441. ஒரு முறை கண்ட விடையைக் குறித்துவைத்துக்கொள்ளாத ஞாபகமறதியே இத்தனை வீண் உழைப்புக்கும் காரணம் என்பது விளங்கும். விடைகளை ஓர் அட்டவணையில், சிறியதிலிருந்து பெரியதாக நிரப்பிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று அண்டைக் கட்டங்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

இவ்வாறு பிரச்னையை ஒன்றையொன்று மூடும் சிறு பிரச்னைகளாக வகுத்து, விடைகளை அட்டவணையில் சேமிக்கும் முறைக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயரிட்டவர் ரிச்சர்ட் பெல்மன். 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் அவர் பணியாற்றியபோது இட்ட பெயர் அது. அந்நாளைய பாதுகாப்பு அமைச்சருக்கு ஆராய்ச்சி என்ற சொல்லே ஆகாது என்பதால், தாம் செய்வது கணித ஆராய்ச்சி என்பதை மறைக்கவே இந்தக் கம்பீரமான பெயரைத் தேர்ந்ததாகப் பெல்மன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கால வரிசை சரியாகப் பொருந்தவில்லை என்று பிற்காலத்தவர் சிலர் ஐயுற்றதுண்டு. எப்படியானாலும், பெயரைக் கொண்டு பொருளை ஊகிக்க முயல்கிற மாணவன் ஏமாறுவது நிச்சயம்.

இனி அட்டவணையை நிரப்புவோம். கிடைவரிசைகள் வளநகரம் என்பதன் எழுத்துகளுக்கும், நெடுவரிசைகள் நகரவளம் என்பதன் எழுத்துகளுக்கும் உரியவை. மேலேயும் இடப்புறத்திலும் வெறுமைக்குரிய பூஜ்யங்கள்.

| | – | ந | க | ர | வ | ள | ம் |
|---|---|---|---|---|---|---|---|
| – | 0 | 0 | 0 | 0 | 0 | 0 | 0 |
| வ | 0 | 0 | 0 | 0 | 1 | 1 | 1 |
| ள | 0 | 0 | 0 | 0 | 1 | 2 | 2 |
| ந | 0 | 1 | 1 | 1 | 1 | 2 | 2 |
| க | 0 | 1 | 2 | 2 | 2 | 2 | 2 |
| ர | 0 | 1 | 2 | 3 | 3 | 3 | 3 |
| ம் | 0 | 1 | 2 | 3 | 3 | 3 | 4 |

இதை எண்களின் கூட்டமாகப் பாராமல், இரண்டு கட்சிகளின் போட்டியாகப் பார்க்க வேண்டும். ள என்ற கிடைவரிசை முடியும்போது வள என்ற கட்சி இரண்டு எழுத்துகளோடு முன்னணியில் நிற்கிறது. எதிர்க்கட்சிக்கு இன்னும் ஓரெழுத்தும் இல்லை. நாம் முன்னே கண்ட ஆசைக்காரன் இந்த நிலையில்தான் வெற்றி தன்னுடையது என்று முடிவு கட்டினான். ந என்ற கிடைவரிசையில் எதிர்க்கட்சி ஒன்றைப் பெறுகிறது. க என்பதில் இரண்டு. அந்தக் க என்ற வரிசையில், ள என்ற நெடுவரிசையின் கீழ் உள்ள 2 என்ற எண் கவனிக்கத்தக்கது. மேலே உள்ளதும் 2, இடப்புறம் உள்ளதும் 2. மேலிருந்து வந்தது வள என்பதன் இரண்டு, இடமிருந்து வந்தது நக என்பதன் இரண்டு. இரண்டு கட்சிகளும் சமமாகிவிட்டன. அட்டவணை அவற்றுள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு என்ற அளவை மட்டும் எழுதிவைத்தது. அடுத்து ர என்ற வரிசையில் நகர என்பது மூன்றாகி முந்திவிடுகிறது. இறுதியில் ம் சேர்ந்து நான்கு. தேர்வைத் தள்ளிப்போடுகிற இந்தப் பொறுமையில்தான் முறையின் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆசைக்காரன் பார்த்ததற்கு அதிகமான எழுத்து எதையும் அட்டவணை பார்க்கவில்லை; பார்த்தவற்றுள் எதையும் சீக்கிரமாக உதறிவிடவில்லை, அவ்வளவே.

வலப்புறக் கீழ்மூலையில் உள்ள 4 என்பது நீளம். எந்த நான்கு எழுத்துகள் என்று அறிய, அந்த மூலையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். ம் என்பதும் ம் என்பதும் பொருந்துவதால் அதைக் குறித்துக்கொண்டு மூலைவாட்டில் ஒரு கட்டம் மேலேறினால், ர என்ற வரிசையில் ள என்பதன் கீழுள்ள 3 என்ற கட்டம் வருகிறது. அங்கே எழுத்துகள் பொருந்தவில்லை. மேலே 2, இடப்புறம் 3. ஆகவே இடப்புறம் செல்கிறோம். வ என்பதன் கீழும் அதே நிலை. இன்னொரு முறை இடப்புறம். அங்கே ர என்பது ர என்பதோடு பொருந்துகிறது. குறித்துக்கொண்டு மூலைவாட்டில் ஏறினால் க, அதன் பிறகு ந, அதன் பிறகு பூஜ்யம். கிடைத்தவற்றைத் தலைகீழாகப் படித்தால் நகரம்.

இந்த நடையில் மேலும் இடப்புறமும் சமமாயிருக்கும் கட்டம் வந்தால் எந்தப் பக்கம் செல்வது என்பதை நிரல் எழுதுகிறவர் தம் விருப்பப்படி விதித்துக்கொள்ளலாம். விதிக்கேற்ப விடையும் மாறும். வளநக, நகரவள என்ற பகுதிகளை மட்டும் ஒப்பிட்டால், மேல்நோக்கிச் செல்வதை விரும்புகிறவருக்கு வள என்றும், இடம்நோக்கிச் செல்வதை விரும்புகிறவருக்கு நக என்றும் கிடைக்கும். இரண்டும் சரி, இரண்டுக்கும் நீளம் ஒன்றே. ஒரே கோப்புகளை ஒப்பிட்ட இரண்டு நிரல்கள் வெவ்வேறு வரிகளைப் பொது என்று காட்டினால், அவற்றுள் ஒன்று தவறு என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. நீளம் வேறுபட்டால் மட்டுமே தவறு உறுதி.

நான்கு என்ற விடையைக் கொண்டு வேறொரு கணக்கும் போடலாம். முதற்சொல்லின் ஆறில் நான்கு நிலைத்தன, இரண்டு நீங்கின. இரண்டாம் சொல்லின் ஆறில் நான்கு பழையவை, இரண்டு புதியவை. நீக்குவதும் சேர்ப்பதும் மட்டுமே அனுமதிக்கப்பட்டால், ஒன்றை மற்றொன்றாக்க 6 + 6 − 2×4, அதாவது நான்கு செயல்கள் வேண்டும்; அதற்குக் குறைவாக முடியாது. ஒரு சரத்தை மற்றொன்றாகத் திருத்துவதற்கு ஆகும் மிகக் குறைந்த செலவைக் காணும் இந்தப் பிரச்னையை 1974-இல் வாக்னரும் ஃபிஷரும் தெளிவாக எழுதினர். அதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1970-இல், நீடில்மனும் வுன்ஷும் புரதங்களின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட இதே இனத்தைச் சேர்ந்த அட்டவணையை நிரப்பியிருந்தனர். பெல் ஆய்வகத்தில் ஹண்ட், மக்இல்ராய் ஆகியோர் 1976-இல் விவரித்த `diff` என்ற நிரல், எழுத்துக்குப் பதிலாக ஒரு முழு வரியை ஓர் எழுத்தாகப் பாவித்து, இரண்டு கோப்புகளுக்கும் பொதுவான வரிகளைக் கண்டு, எஞ்சியவற்றை நீங்கியவை, சேர்ந்தவை என்று அச்சிடுகிறது. முழு அட்டவணையையும் அது நிரப்புவதில்லை. பொருந்தும் இடங்களை மட்டும் எடுத்து ஆராய்கிறது. ஆனால் அது தேடும் பொருள் நாம் தேடியதே. இதனால் வரும் ஒரு குறையும் நம் உதாரணத்திலேயே தெரிகிறது. வள என்பது முன்னிருந்து பின்னுக்கு இடம்பெயர்ந்தது என்பதை மனிதக் கண் ஒரு நொடியில் அறியும். முறை காக்கும் ஒப்பீடோ, வள என்பது முன்னே அழிந்தது என்றும் ம் என்பதற்கு முன் வேறொரு வள பிறந்தது என்றும் இரண்டு செய்திகளாகச் சொல்லும். இடப்பெயர்ச்சி என்ற கருத்தே அதற்கு இல்லை.

பூஜ்ய வரிசையைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தேன். பைத்தான் மொழியில் எழுதுகிற ஒருவர், வெறும் பூஜ்யங்களுக்கு எதற்கு ஓர் இடம் என்று சிக்கனம் பிடித்து, ஆறுக்கு ஆறான பூஜ்யக் கட்டங்களை மட்டும் உண்டாக்கி, 0 முதல் எண்ணத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசையில் அவர் `L[i-1][j-1]` என்று கேட்கும்போது `j-1` என்பது −1 ஆகிறது. பைத்தானில் −1 என்பது பிழை அன்று. வரிசையின் கடைசிக் கட்டம் என்று அதற்குப் பொருள். ஆகவே நிரல் நின்றுவிடாமல், முந்தைய வரிசையின் வலக்கோடியில் ஏற்கெனவே எழுதப்பட்ட எண்ணை எடுத்துக்கொடுக்கிறது. நம் சொற்களில் ந என்ற எழுத்து முதல் நெடுவரிசையிலேயே பொருந்துகிறது; அங்கே வர வேண்டியது 0 + 1 = 1. வருவதோ, மேல்வரிசையின் கோடியிலுள்ள 2 என்பதோடு ஒன்று சேர்ந்து 3. அந்தத் தவறான மூன்றிலிருந்து க நான்காகி, ர ஐந்தாகி, ம் ஆறாகிறது. இரண்டு சொற்களும் முழுவதும் ஒன்றே என்று, கட்டுரையின் தொடக்கத்தில் வரிசையை மறந்தவர் சொன்ன அதே விடையை, நிரல் சற்றும் கூசாமல் சொல்லிவிடுகிறது.

இத்தகைய தவறை விடையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபம். சரியான அட்டவணையில், ஒரு கட்டத்துக்கும் அதன் இடப்புற, மேற்புறக் கட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் பூஜ்யம் அல்லது ஒன்று. ஓரெழுத்தைக் கூடுதலாகக் காட்டினால் விடை ஓரெழுத்துக்கு மேல் வளர முடியாதல்லவா? எந்தக் கட்டமும் i, j இரண்டில் சிறியதை மிஞ்சவும் கூடாது. நம் சிக்கனக்காரரின் அட்டவணையில் ந என்ற ஒரே எழுத்தின் கீழ் 0 என்பதற்கு அடுத்து 3 நிற்கிறது. இரண்டு விதிகளும் அந்த ஒரே கட்டத்தில் உடைகின்றன.

இடத்தைச் சிக்கனப்படுத்தும் ஆசை முற்றிலும் நியாயமற்றது அன்று. ஒவ்வொன்றும் ஒரு லட்சம் எழுத்துகள் கொண்ட இரண்டு சரங்களுக்கு ஆயிரம் கோடிக் கட்டங்கள் வேண்டும். காலத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், நினைவகத்தில் அத்தனை இடம் சாமானியமாகக் கிடைக்காது. சூத்திரத்தைப் பார்த்தால், ஒரு கிடைவரிசையை நிரப்ப அதற்கு மேலுள்ள ஒரே வரிசை போதும். ஆகவே இரண்டு வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதலாம். நீளம் கிடைத்துவிடும். ஆனால் பின்னோக்கி நடக்க வழி இருக்காது. நான்கு என்று தெரியும், எந்த நான்கு என்று தெரியாது.

இந்த முட்டுக்கட்டையை 1975-இல் டான் ஹிர்ஷ்பர்க் ஓர் அழகான யுக்தியால் தீர்த்தார். முதற்சரத்தைப் பாதியில் வெட்டிவிடுவது. மேற்பாதிக்கு முன்னிருந்து பின்னாகவும், கீழ்ப்பாதிக்குப் பின்னிருந்து முன்னாகவும், இரண்டு வரிசைச் சிக்கனத்தோடு அட்டவணை போடுவது. இரண்டாம் சரத்தை எங்கே வெட்டினால் இரண்டு விடைகளின் கூட்டுத்தொகை மிகப் பெரியதாகிறது என்று பார்ப்பது. வளநகரம் என்பதை வளந, கரம் என்று வெட்டினோமானால், வளந என்பதற்கு இரண்டாம் சொல்லின் முதல் 0, 1, 2, 3, 4, 5, 6 எழுத்துகளோடு வரும் நீளங்கள் நம் அட்டவணையின் ந என்ற வரிசையிலேயே உள்ளன: 0, 1, 1, 1, 1, 2, 2. கரம் என்பதற்கு, அந்தந்த வெட்டுக்கு அப்பால் எஞ்சிய பகுதியோடு வருபவை: 3, 3, 2, 1, 1, 1, 0. கூட்டினால் 3, 4, 3, 2, 2, 3, 2. மிகப் பெரியது நான்கு. அது ஓரெழுத்துக்குப் பின் வெட்டும்போது வருகிறது. ஆகவே நகரவளம் என்பது ந என்றும் கரவளம் என்றும் பிரிய வேண்டும். ஐந்தெழுத்துக்குப் பின் வெட்டும் இடத்தில் வரும் மூன்று, ஆசைக்காரனுடைய வளம் என்பதே. இனி வளந என்பதையும் ந என்பதையும் ஒரு பிரச்னையாகவும், கரம் என்பதையும் கரவளம் என்பதையும் மற்றொரு பிரச்னையாகவும் கொண்டு, அவற்றை மீண்டும் இப்படியே வெட்டிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஆராய வேண்டிய கட்டங்களின் பரப்பு பாதியாகக் குறைவதால், மொத்த உழைப்பு முழு அட்டவணையின் உழைப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கோடு நின்றுவிடும்; இடமோ சரத்தின் நீளத்தளவே.

காலத்தில் இத்தகைய சிக்கனம் கைகூடவில்லை. இரண்டு சரங்களும் எவ்விதத் தன்மையினவாயினும் ஆகலாம் என்றால், நீளம் இரட்டிக்கும்போது உழைப்பு நான்கு மடங்காகும் இந்த விகிதத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் யாரும் தாழ்த்தியதில்லை. 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சிகள், அப்படித் தாழ்த்த முடிந்தால் தருக்க வாக்கியங்களின் நிறைவேற்றத்தைப் பற்றி அறிஞர் பலர் நம்பிவரும் ஓர் ஊகமே பொய்த்துவிடும் என்று நிரூபித்தன.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. இதுவரை எழுத்து என்று நாம் சொன்னபோதெல்லாம் ம் என்பதை ஒன்றாக எண்ணினோம். கணிப்பொறி அப்படி எண்ணுவதில்லை. யூனிகோடு முறையில் க என்பது ஒரே குறி. க் என்பதோ க என்ற குறியும் புள்ளி என்ற குறியும் சேர்ந்த இரண்டு. இலக்கணத்தில் க் என்ற மெய் மூலமாகவும், அதனோடு அகரம் சேர்ந்தது க என்ற உயிர்மெய்யாகவும் இருக்க, சேமிப்பில் நிலைமை தலைகீழாயிருக்கிறது. இதன் பயனைக் கல், கள் என்ற இரண்டு சிறு சொற்களில் காணலாம். எழுத்தெழுத்தாகப் பிரித்தால் க, ல் என்றும் க, ள் என்றும் ஆகி, பொதுவானது க என்ற ஒன்று. குறிகுறியாகப் பிரித்தால் க, ல, புள்ளி என்றும் க, ள, புள்ளி என்றும் ஆகி, பொதுவானவை க என்பதும் புள்ளியும் என்ற இரண்டு. அவற்றைச் சேர்த்துத் திரையில் காட்டினால் க் என்று தோன்றும். கல் என்பதிலும் க் இல்லை, கள் என்பதிலும் க் இல்லை. இரண்டுக்கும் பொது என்று மட்டும் க் வந்து நிற்கிறது! சூத்திரத்தின்மேல் இதில் குற்றமில்லை. அதற்குக் கொடுத்த அலகுகளைக் கொண்டு அது சரியாகவே கணக்கிட்டது.

அலகை மாற்றினால் விடையின் பொருளும் மாறுகிறது. மலை, மாலை என்ற சொற்களை எழுத்தாகப் பிரித்தால் லை என்ற ஒன்றே பொது. மெய்யும் உயிருமாகப் பிரித்தால் ம், ல், ஐ என்ற மூன்று பொது. ஒலிபெயர்ப்பையோ சொல்லின் வேரையோ ஆராய்கிறவருக்கு இரண்டாவது உகந்தது. அச்சுப்பிழை திருத்துகிறவருக்கு முதலாவதே போதும். குறிகளை அப்படியே எண்ணுவது இருவருக்கும் உதவாது. அன்றியும் கோ என்ற எழுத்தை ஓகாரக் குறி ஒன்றாகவும், முன்னொரு கொம்பும் பின்னொரு காலுமாக இரண்டாகவும் சேமிக்க யூனிகோடில் இடமுண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிய, ஒப்பீட்டு நிரல் மட்டும் அவற்றை வேறென்று சாதிக்கும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு சரங்களையும் ஒரே சேமிப்பு வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு எழுத்துகளாகப் பிரித்து, அந்த எழுத்துகளின் பட்டியலையே சூத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

தமிழுக்கு ஒப்பீட்டு நிரல் எழுதுகிறவர்கள், பெரிய நூல்களைக் கொடுத்துச் சோதிப்பதற்கு முன்னால், கல், கள் என்ற இந்த இரண்டு சொற்களைக் கொடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடை க என்று வந்தால் மேலே செல்லலாம். க் என்று வந்தால் அட்டவணையைத் தொட வேண்டாம், அதற்கு முன்னுள்ள பிரிப்பைத் திருத்த வேண்டும்.